பழைய வீட்டு மொட்டைமாடிக்கு இரும்புப் படிக்கட்டு: அளவெடுப்பது முதல் கடைசி போல்ட் வரை

செட்டிநாட்டில் பழைய வீடுகளின் பின்கட்டிலிருந்து மொட்டைமாடிக்கு இரும்புப் படிக்கட்டு அமைத்துத் தரும் வேலை எங்கள் பட்டறைக்கு அடிக்கடி வருகிறது. மாடியில் தண்ணீர்த் தொட்டியோ சூரிய ஒளித் தகடுகளோ வைத்தவர்கள் கேட்கிறார்கள். வற்றலும் வடகமும் காயவைப்பதற்காகக் கேட்பவர்கள் அவர்களைவிட அதிகம். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அது எப்படி அளக்கப்பட்டது, எப்படி வெட்டப்பட்டது, எங்கே வெல்டிங் வைத்தோம், எங்கே போல்ட் வைத்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். காரைக்குடிக்கு அருகே ஓர் ஊரில், பின்முற்றத்திலிருந்து நேராக ஏறி, நடுவில் ஓர் இளைப்பாறும் மேடையுடன் மாடிக் கைப்பிடிச் சுவரில் திறந்த வழியைச் சென்றடையும் 900 மி.மீ. அகலப் படிக்கட்டு அது.

உயரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது

இந்த வேலையில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் வெல்டிங்கில் நடப்பதில்லை. டேப்பைப் பிடிக்கும் இடத்தில் நடக்கின்றன. நான் தொழிலில் இறங்கிய தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு 175 மி.மீ. உயரப் படிகளாகப் படிக்கட்டு செய்து நிறுத்தினேன். அதற்குப் பிறகு முற்றத்தில் கலவை போட்டுக் கல் பதித்தார்கள், தரை 45 மி.மீ. உயர்ந்தது, முதல் படி மட்டும் 130 மி.மீ. ஆகிவிட்டது. பார்வைக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அந்த வீட்டு ஆச்சி வற்றல் தட்டை இரண்டு கைகளிலும் ஏந்தி இறங்கியபோது, கடைசிப் படியில் கால் எதிர்பார்த்ததற்கு முன்பே தரை வந்து மோதியதால் தடுமாறிச் சுவரில் சாய்ந்தார். "தம்பி, தட்டைப் பிடிச்சிருக்கவ காலைப் பார்த்துக்கிட்டா இறங்குவா? கால் தானா எண்ணிக்கிட்டுல்ல இறங்கும்" என்று அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. முதல் இரண்டு படிகளிலேயே கால் ஓர் உயரத்தைப் பழகிக்கொள்கிறது. அதன்பின் எந்தப் படியாவது மாறினால் அங்கேதான் விழுவார்கள்.

எனவே அளவு எடுக்கும் நாளில் வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். முற்றத்தில் இனிமேல் ஏதேனும் தளம் போடுவீர்களா? மாடியில் ஓடு பதிப்பீர்களா? இந்த வீட்டில் இரண்டுக்கும் ஆம் என்றார்கள். சுவரின் அடியில் தற்போதைய தரையிலிருந்து மாடித் தளம் வரை 3,500 மி.மீ. இருந்தது. மாடியில் வெப்பம் தடுக்கும் ஓடு கலவையுடன் 40 மி.மீ. ஏறும், முற்றத்தில் தளம் 30 மி.மீ. ஏறும். ஆக, சுவர் ஓரத்தில் முடிந்த உயரம் 3,510.

ஆனால் படிக்கட்டின் கால் சுவர் ஓரத்தில் நிற்பதில்லை. அது ஏறக்குறைய 6 மீட்டர் தள்ளி நிற்கிறது, மழைநீர் ஓடுவதற்காக முற்றம் அந்தத் திசையில் சரிந்திருக்கிறது. டியூப் மட்டம் வைத்துப் பார்த்தபோது அந்த 6 மீட்டரில் 60 மி.மீ. இறக்கம் இருந்தது, புதிய தளத்தையும் அதே சரிவில்தான் போடப்போகிறார்கள். ஆகவே உண்மையான உயரம் 3,570 மி.மீ. சுவர் ஓரத்தில் டேப் காட்டிய 3,500-ஐ மட்டும் நம்பி 21 படிகளாகப் பிரித்து, மேல்முனையைச் சரியாகப் பொருத்தியிருந்தால், மற்ற எல்லாப் படிகளும் 167 ஆகவும் முதல் படி மட்டும் 237 ஆகவும் நின்றிருக்கும்.

3,570-ஐ 21 ஆல் வகுத்தால் 170. மிதியகலத்தை 270 என்று வைத்தோம். இரண்டு படி உயரத்தையும் ஒரு மிதியகலத்தையும் கூட்டினால் 610 வருகிறது. இயல்பான நடைக்கு 600-ஐ ஒட்டி இருந்தால் போதும். 21 ஏற்றங்களில் 11-ஆவது இளைப்பாறும் மேடை, 21-ஆவது மாடித் தளமே. ஆகக் கீழ்ப்பகுதிக்குப் 10 படிகளும் மேல்பகுதிக்கு 9 படிகளும் செய்ய வேண்டும். கிடைமட்ட நீளம் 2,700, மேடை 900, மீண்டும் 2,430 எனக் கூட்டி 6,030 மி.மீ. வருகிறது. முற்றத்தில் அவ்வளவு இடம் இல்லையென்றால் மேடையில் திருப்பம் கொடுக்க வேண்டுமே தவிர, மிதியகலத்தை 250-க்குக் கீழே குறைக்கக் கூடாது.

சுவரில் தொங்கவிடக் கூடாது

புது கான்கிரீட் வீடாக இருந்தால் மேல்முனையை ஆங்கர் ஃபாஸ்னர் அடித்துப் பீமில் பிடித்துவிடலாம். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர்கள். மாடியும் பல வீடுகளில் மரச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ். ஆங்கர் ஃபாஸ்னர் துளைக்குள் விரிந்து பக்கவாட்டில் அழுத்தித்தான் பிடிப்பைப் பெறுகிறது. அந்த அழுத்தத்தில் பழைய செங்கல் பிளக்கும், சாந்து பொடியாகும். அன்று இறுகியதுபோலத் தெரிந்தாலும், நாள்தோறும் ஏறி இறங்கும் அதிர்வில் தளரத் தொடங்கும். போல்ட்டைச் சுற்றிச் சிவப்புத் தூள் உதிர்வதுதான் அதன் முதல் அடையாளம்.

ஆகவே நாங்கள் படிக்கட்டைத் தன் காலிலேயே நிற்க வைக்கிறோம். மேல்முனையில் இரண்டு தூண்கள், மேடைக்கு நான்கு தூண்கள், எல்லாம் 75 மி.மீ. சதுரக் குழாய், 4 மி.மீ. கனம், மேல்வாயைத் தகடு வைத்து முழுவதும் அடைத்தது. பழைய வீடுகளில் மாடி மட்டத்தில் சுவரிலிருந்து கொடுங்கை நீட்டிக்கொண்டிருக்கும். இந்த வீட்டில் அது 150 மி.மீ. தூக்குக்குண்டை அதன் விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, அதற்கும் 50 மி.மீ. வெளியே தூண் வரும்படி குறித்தோம். படிக்கட்டுக்கும் மாடிக்கும் நடுவே வரும் இடைவெளியை ஒரு தகடு மூடும். அந்தத் தகடு படிக்கட்டில் மட்டுமே போல்ட் செய்யப்பட்டு, மாடிப் பக்கம் சும்மா கிடக்கும். ஓட்டின் மட்டத்துக்குச் சமமாக இருக்கும்படி அதற்கான பள்ளத்தைக் கொத்தனாரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கைப்பிடிச் சுவரில் வழி திறப்பதற்கு, சுதை வேலைப்பாடு இல்லாத பின்பக்கத்தையே தேர்ந்தெடுங்கள்.

சுவரைப் பிடிக்காமல் நிற்கும் படிக்கட்டு ஆடும் என்ற அச்சம் நியாயமானது. முன்பின் ஆட்டத்தைச் சாய்வாக நிற்கும் பக்கச் சட்டங்களே தடுத்துவிடும். பக்கவாட்டு ஆட்டத்தை அவை தடுக்காது. அதனால் மேல்முனையின் இரண்டு தூண்களுக்கும் மேடைத் தூண்களுக்கும் இடையே, படிக்கட்டின் அகலத் திசையில், 50 மி.மீ. ஆங்கிளில் பெருக்கல் குறி வடிவில் குறுக்குச் சட்டம் கட்டாயம் வேண்டும். இதை விட்டுவிட்ட படிக்கட்டுகள் ஏறும்போதே இடவலமாக அசைவதைப் பார்த்திருக்கிறேன்.

பக்கச் சட்டங்கள்

ஸ்ட்ரிங்கர் என்று வரைபடங்களில் எழுதப்படும் பக்கச் சட்டத்துக்கு 150 மி.மீ. சேனல் எடுத்தோம். குடியிருப்பு வீட்டுப் படிக்கட்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ சுமை என்று கணக்கிட்டால், இந்த நீளத்துக்கு அதைவிடச் சிறிய சேனலே தாங்கிவிடும். 150 எடுத்ததற்குக் காரணம் இடம். ஒவ்வொரு படியின் முனையிலும் 200 மி.மீ. நீளமும் 50 மி.மீ. உயரமும் உள்ள ஓர் ஆங்கிள் துண்டு சேனலின் தட்டையான முதுகில் கிடைமட்டமாக ஒட்டி நிற்க வேண்டும். 32 பாகைச் சாய்வில் அந்தத் துண்டின் மேல்மூலைக்கும் கீழ்மூலைக்கும் இடையே, சேனலுக்குக் குறுக்காக, 149 மி.மீ. தேவைப்படுகிறது. 125 சேனல் எடுத்தால் ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கால் நகம் அதில்தான் மாட்டும்.

சேனலின் முதுகு படிப்பக்கமும் வாய் வெளிப்பக்கமும் இருக்கும்படி நிறுத்துகிறோம். படியின் ஆங்கிள் தட்டையான முகத்தில் படிந்து உட்காருகிறது. நட்டுகள் வெளியே சேனலின் வாய்க்குள் அடங்குகின்றன. ஏறுபவரின் கால் அருகே எதுவும் துருத்தாது.

இப்போது குறிப்பதற்கு வருவோம். 170 உயரமும் 270 அகலமும் சேர்ந்தால், சாய்வு வழியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு 319.06 மி.மீ. இதை 320 என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் குறித்துக்கொண்டே போனால், பத்தாவது படியில் 9 மி.மீ.-க்கு மேல் தள்ளிப் போயிருக்கும். ஆகவே டேப்பை ஒரு முனையில் ஊன்றி, எடுக்காமல், 319, 638, 957, 1,276, 1,595, 1,914, 2,233, 2,552, 2,872, 3,191 என்று தொடர்ந்து குறிக்க வேண்டும். பிறகு மெல்லிய தகட்டில் 170-க்கு 270 என்று வெட்டிய செங்கோண முக்கோண அச்சை ஒவ்வொரு குறியிலும் வைத்து, படியின் கிடைமட்டக் கோட்டைச் சுண்ணக்கட்டியால் அல்லாமல் இரும்பு முள்ளால் கீற வேண்டும். சுண்ணக்கோட்டின் தடிமனே 2 மி.மீ. இருக்கும்.

கீறிய கோடு படித்தட்டின் மேல்முகம். துளைகளின் நடு அதிலிருந்து 35 மி.மீ. கீழே வரும்: தட்டின் கனம் 5, அதன் அடியில் ஆங்கிளில் 30. ஒரு படிக்கு ஒரு பக்கம் இரண்டு துளைகள், 120 மி.மீ. இடைவெளியில், 12 மி.மீ. போல்ட்டுக்கு 13 மி.மீ. துளை.

ஒரு சேனலில் மட்டுமே குறித்து, இரண்டு சேனல்களையும் முதுகோடு முதுகு ஒட்டி சி-கிளாம்பால் இறுக்கி, சேர்த்தே துளையிடுங்கள். அப்படிச் செய்தால் இடது வலது இரண்டும் கண்ணாடிப் பிம்பம்போலத் தாமாகவே அமைந்துவிடும். தனித்தனியே குறித்தவர்கள் இரண்டு இடது சட்டங்களைச் செய்துவிட்டுப் புதுச் சேனல் வாங்க ஓடிய கதை எங்கள் வட்டாரத்தில் ஒன்றிரண்டு பட்டறைகளில் நடந்ததுதான். பிரிக்கும் முன் பெயின்ட்டால் "இடது மேல்", "வலது மேல்" என்று எழுதிவிட வேண்டும்.

வெல்டிங் எங்கே, போல்ட் எங்கே

படியைத் தாங்கும் ஆங்கிளைச் சேனலில் நேரடியாக வெல்டிங் செய்துவிடுவது பரவலான வழக்கம். அதை நான் கைவிட்டதற்குக் காரணம் உண்டு. வெல்டிங் ஆறும்போது உலோகம் சுருங்குகிறது. ஒரு சேனலின் ஒரே முகத்தில் பத்து இடங்களில் வெல்டிங் வைத்தால், பத்துச் சுருக்கமும் ஒரே பக்கம் இழுத்து, மூன்று மீட்டர்ச் சேனல் வில்லாக வளைகிறது. அதன்பின் நடுப்படி இறுக்கமாகவும் முனைப்படி தொளதொளப்பாகவும் நிற்கும். எனவே எங்கள் முறையில் சேனலில் துளைகள் மட்டுமே. ஆங்கிள் படித்தட்டோடு வெல்டிங் செய்யப்படுகிறது. தட்டு சேனலோடு போல்ட் செய்யப்படுகிறது. துருப்பிடித்த ஒரு படியைப் பத்து ஆண்டு கழித்துக் கழற்றி மாற்றவும் இதுவே வழி.

படித்தட்டு 5 மி.மீ. செக்கர்ட் பிளேட். மிதியகலம் 270-உடன் மேல்படியின் அடியில் நுழையும் 25-ஐச் சேர்த்து 295 மி.மீ. முன்விளிம்பையும் பின்விளிம்பையும் 40 மி.மீ. கீழ்நோக்கி மடக்க வேண்டும். இந்த மடிப்புதான் 900 மி.மீ. தூரத்துக்குத் தட்டு தொய்யாமல் காக்கிறது. பின்விளிம்பை மேல்நோக்கி மடக்கினால் மழைநீர் தேங்கும், இலைச்சருகு அதில் ஊறி ஐப்பசி கார்த்திகை முடிவதற்குள் மூலையில் துரு தொடங்கிவிடும்.

சேனல்களுக்கு இடையே 900 என்றால், தட்டை ஆங்கிளோடு சேர்த்து வெளிப்புறம் 897 ஆகச் செய்யுங்கள். மீதி இடைவெளியை மெல்லிய வாஷர் நிரப்பும். 19 படிகளும் ஒன்றுபோல வர, மேசையில் இரண்டு தடிமனான தகடுகளை 897 இடைவெளியில் நிறுத்தி ஓர் அச்சு செய்துகொள்ள வேண்டும். தட்டைக் கவிழ்த்து அச்சில் வைத்து, இருபுறமும் ஆங்கிளை ஒட்டி, நான்கு மூலைகளிலும் பொட்டு வெல்டிங் வைத்து, மூலைமட்டத்தால் செங்கோணம் பார்த்த பிறகே முழு வெல்டிங்.

3.15 மி.மீ. ராட், 100 முதல் 120 ஆம்பியர், வெல்டிங்கின் காலளவு 5 மி.மீ. ஒரு பக்கம் 50 மி.மீ. வைத்தால் அடுத்த 50 மறுமுனையில். ஒரே மூச்சில் ஓட்டினால் தட்டு குவிந்துவிடும். ஆறியபின் விடுபட்ட இடங்களையும் அடைத்து, ஆங்கிளுக்கும் தட்டுக்கும் இடையே நீர் நுழையும் இடுக்கு எதுவும் இல்லாமல் செய்ய வேண்டும். ஆங்கிளில் முன்துளை வட்டமாகவும் பின்துளை 13-க்கு 20 என்ற நீள்துளையாகவும் இருந்தால், சிறு பிசகுகளைப் பொருத்தும்போது சரிசெய்துகொள்ளலாம்.

வெல்டிங் நன்றாக அமைந்ததா என்பதை ஸ்லாக்கைத் தட்டி எடுத்த பிறகுதான் சொல்ல முடியும். இரு உலோகங்களிலும் ஓரம் கரைந்து கலந்திருந்தால் சரி. மெழுகு உருண்டு உறைந்ததுபோல மேலே திரண்டு, ஓரத்தில் கோடு தெரிந்தால் அது ஒட்டவில்லை, ஆம்பியர் குறைவு. ஓரத்தில் வாய்க்கால்போலப் பள்ளம் விழுந்திருந்தால் ஆம்பியர் அதிகம், அல்லது ஆர்க் நீளம். ஊசித்துளைகள் தெரிந்தால் ராட் ஈரம் பிடித்தது. மழைக்காலத்தில் பிரித்த பெட்டியை அப்படியே வைத்து மறுநாள் பயன்படுத்தும்போது இது நடக்கும். இந்த மூன்றையும் கிரைண்டர் போட்டு முழுவதும் எடுத்துவிட்டு மீண்டும் வைக்க வேண்டும். மேலேயே இன்னொரு வரி ஓட்டி மூடுவது ஏமாற்று.

நிறுத்துவது

கால்களுக்கு 450 மி.மீ. சதுரமும் 600 ஆழமும் கொண்ட கான்கிரீட் அடித்தளம் போட்டு, அதில் 16 மி.மீ. ஜே-போல்ட்டுகளை, பேஸ் பிளேட்டில் துளையிட்ட அதே அச்சுத் தகட்டில் மாட்டி நிறுத்தி, பிறகு கான்கிரீட் ஊற்றுகிறோம். பழைய முற்றத்துக் கல்லின் மேல் நேரடியாக நிறுத்தினால் கல் அடுத்த மழையில் அமுங்கும். பேஸ் பிளேட் 200 மி.மீ. சதுரம், 10 மி.மீ. கனம், முடிந்த தரையிலிருந்து 50 மி.மீ. மேலே அது இருக்க வேண்டும். இரும்புத் தூண் எப்போதும் மண்ணையோ தளத்தையோ தொடும் கோட்டில்தான் அழுகுகிறது.

பேஸ் பிளேட்டுக்கு அடியில் ஒரு நட்டு, மேலே ஒரு நட்டு. அடி நட்டைத் திருகித் தூண்களை மட்டத்துக்கும் நேருக்கும் கொண்டுவந்த பிறகு மேடைச் சட்டத்தை ஏற்றி, அதன்பின் பக்கச் சட்டங்களை மாட்டுங்கள். பக்கச் சட்டம் மேடையைச் சேரும் இடத்தில் 10 மி.மீ. முனைத்தகடும் நான்கு 16 மி.மீ. போல்ட்டுகளும். சேனலின் விளிம்பில் போல்ட் போடும் இடம் ஏதேனும் இருந்தால், அதன் உட்பக்கம் சாய்வாக இருப்பதால், சாய்வு வாஷர் வைக்காமல் இறுக்கக் கூடாது. வைக்காவிட்டால் போல்ட்டின் தலை ஓரத்தில் மட்டும் தொட்டு, போல்ட் வளையும்.

எல்லாப் படிகளையும் கையால் மட்டும் திருகி மாட்டிவிட்டு, கீழிருந்து ஒவ்வொரு படியிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தரையிலிருந்து முதல் படி, கடைசிப் படியிலிருந்து மாடி, மேடைக்கு முன்னும் பின்னும் என்று நான்கு உயரங்களையும் டேப்பால் அளந்து, 170-இலிருந்து 3 மி.மீ.-க்கு மேல் விலகாதபடி அடி நட்டுகளைத் திருத்திய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். முற்றத் தளம் இன்னும் போடப்படாமல் இருந்தால், 30 மி.மீ. கட்டையை வைத்து அதன் மேலிருந்து அளக்க வேண்டும். இறுக்கி முடித்தபின் பேஸ் பிளேட்டின் அடியில் சுருங்காத கிரவுட் நிரப்பப்படுகிறது.

கைப்பிடி படியின் முன்விளிம்பிலிருந்து 1,000 மி.மீ. உயரத்தில், 42 மி.மீ. குழாய்; குழந்தைகள் இருக்கும் வீட்டில் இடைக்கம்பிகளுக்கு நடுவே 100 மி.மீ.-க்கு மேல் விடக் கூடாது.

பெயின்ட்டும் முதல் மழையும்

புதுச் சேனலின் மேல் இருக்கும் நீலக்கருமைப் படலம் இரும்பு அல்ல. அதன் மேல் ரெட் ஆக்சைடு அடித்தால் படலம் உரியும்போது பெயின்ட்டும் சேர்ந்து உரியும். கம்பிப் பிரஷ் போட்ட கிரைண்டரால் அதை எடுத்த அன்றே, துத்தநாக பாஸ்பேட் பிரைமர் இரண்டு கை, அதன் மேல் எனாமல் இரண்டு கை. போல்ட் சேரும் முகங்களுக்கு மாட்டும் முன்பே பிரைமர் அடித்திருக்க வேண்டும். நிறத்தைப் பொறுத்தவரை, கறுப்பு வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் வெளிர் சாம்பலைத்தான் வற்புறுத்துவேன். இங்கே மாடிக்குப் பெரும்பாலோர் வெறுங்காலில் ஏறுகிறார்கள், சித்திரை வெயிலில் கறுப்புத் தகட்டில் காலை வைக்க முடியாது. ஆத்தங்குடிக் கல்லைப் படியில் பதிக்கக் கேட்பவர்களும் உண்டு. அது நிழலில் இருக்க வேண்டிய கல், வெயிலில் நிறம் மங்கும், நனைந்தால் வழுக்கும்.

ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு நட்டிலிருந்தும் சேனல் மீது ஒரு நேர்கோட்டை வெள்ளைப் பெயின்ட்டால் இழுத்துவிடுகிறோம். ஒரு மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்க்கும்போது, கோடு முறிந்திருக்கும் நட்டு மட்டும் தளர்ந்தது என்று தெரியும். இந்த வீட்டில் தை மாதம் போய்ப் பார்த்தேன். படிகளின் 76 போல்ட்டுகளில் மூன்றில் கோடு விலகியிருந்தது, மூன்றும் மேடைக்கு அடுத்த படிகளில். அவற்றுக்கு ஸ்பிரிங் வாஷர் போட்டு மீண்டும் இறுக்கிப் புதுக்கோடு இழுத்துவிட்டு வந்தேன்.